நாயகனுக்கு ஈடான எதிராளி: கதை எழுதுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எதிராளி என்றால் வில்லன்தானே? ஏன் இரண்டு பெயர்?

வில்லன் நாயகனுக்குக் கெடுதல் செய்கிறவன். நாயகனிடம் இல்லாத பணமோ ஆள்பலமோ அவனிடம் இருக்கும். அவனைத் தோற்கடித்தால் கதை முடிந்துவிடும். எதிராளியோ, நாயகன் எதில் கெட்டிக்காரனோ அதிலேயே கெட்டிக்காரர்; நாயகன் ஆசைப்படுகிற அதே பொருளுக்கு ஆசைப்படுகிறவர். கெட்டவராக இருக்க வேண்டிய தேவையே இல்லை.

வில்லனிடம் தோற்றால் “அவன் அநியாயம் செய்தான்” என்று நாயகன் சொல்லித் தப்பலாம். தன்னைப் போன்ற ஒருவரிடம் தோற்றால் அப்படிச் சொல்ல வழியில்லை. “எனக்கும் அதே திறமை இருக்கிறதே, பிறகு எங்கே பிசகியது?” என்று தன்னையே பார்க்க வேண்டி வரும். இதற்காகத்தான் எதிராளியை வைத்து எழுதுகிறோம்.

என் நாயகன் துணிச்சல்காரன், நேர்மையானவன், எல்லோருக்கும் உதவுகிறவன். இவனுக்கு எப்படி எதிராளி அமைப்பது?

அமைக்க முடியாது, ஏனென்றால் நீங்கள் சொன்ன மூன்றும் குணச் சான்றிதழில் எழுதுகிற சொற்கள். துணிச்சலை இன்னொருவரிடம் வைத்துப் பார்த்தால் இரண்டு துணிச்சல்காரர் கிடைப்பார்கள், அவ்வளவுதான். பலம் என்பது கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயலாக இருக்க வேண்டும். நாயகன் என்ன செய்தால் பக்கத்தில் நிற்கிறவர் வாயடைத்துப் போவார்? அதிலிருந்து தொடங்குங்கள்.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோவோம். எல்லாம் கற்பனைதான். கிளிநொச்சிப் பக்கம் ஒரு நடுத்தரக் குளம். இடதுகரை வாய்க்காலின் தண்ணீர் முறையைப் பார்க்கிறவர் குலம், வயது ஐம்பது. துருசு திறந்ததும் வாய்க்கால் கட்டில் கொஞ்ச நேரம் குந்தியிருப்பார். தண்ணீரில் போகும் சருகையும் நுரையையும் பார்த்துவிட்டு, “விடியப்பறம் கடைசி வயலுக்கு வந்திடும், இப்ப போய்ப் படுங்கோ” என்பார். சொன்னபடி வரும். எந்த வயல் தண்ணீரைக் குடிக்கும், எந்த வரம்பில் நண்டுப் பொந்து, யார் எந்த நெல் விதைத்தார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. ஒரு கொப்பியும் கிடையாது.

இது பலம். இதை இன்னொருவரிடம் கொடுக்கலாம், காட்சியாக எழுதலாம், ஒரு நாள் தோற்கவும் வைக்கலாம்.

பலவீனம் என்று குடிப்பழக்கம், முன்கோபம் மாதிரி எதையாவது போடலாமா?

போடலாம், ஆனால் எதிராளிக்கு அதில் வேலை இருக்காது. குலம் குடிகாரர் என்று வைத்தால் அவரைத் திருத்த மனைவியோ மருத்துவரோ போதும். எதிராளி தொடக்கூடிய பலவீனம் பலத்துக்கு உள்ளேயே இருக்க வேண்டும். கண்டுபிடிக்கும் வழி சுலபமானது: அந்தத் திறமை இருப்பதால் நாயகன் எதைச் செய்யாமல் தப்பித்துக்கொள்கிறான் என்று கேளுங்கள்.

குலத்துக்கு எல்லாம் தெரியும் என்பதால் யாருக்கும் எதையும் விளக்கத் தேவையில்லை. அவர் முடிவுகளை யாரும் சரிபார்க்க முடியாது. பக்கத்தில் நின்று பழக இளைஞர் வந்தால், “உங்களுக்கு இது விளங்காது தம்பி” என்று தேத்தண்ணி வாங்க அனுப்பிவிடுவார். ஊர் தன்னைத் தேடி வர வேண்டும். அந்தத் தேவைதான் அவரைத் தூக்கி நிறுத்துகிறது. தான் இல்லாமலும் தண்ணீர் ஓடும் என்பது அவரால் தாங்க முடியாத செய்தி. இது அவருக்கே தெரியாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்துவிட்டால் அது வெறும் குற்ற உணர்ச்சி, கதைக்கு உதவாது.

அதே பலத்தைக் கொடுத்தால் எதிராளி நகலாகிவிட மாட்டாரா?

திறமை ஒன்றாகவும், அந்தத் திறமை உண்டாக்கிய பழக்கம் எதிரெதிராகவும் இருந்தால் நகலாகாது. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நாயகன் ஏழை, எதிராளி பணக்காரன். நாயகன் அமைதி, எதிராளி சத்தம். வெளித்தோற்றத்தை மாற்றினால் போதும் என்ற நினைப்பு. வெளித்தோற்றம் எவ்வளவு ஒத்திருந்தாலும் குற்றமில்லை. உள்ளே ஓரிடத்தில் பிரிந்தால் போதும்.

வலதுகரை வாய்க்காலைப் பார்ப்பவர் தேவி, முப்பத்தெட்டு வயது. அவரும் சருகைப் பார்த்து நேரம் சொல்லுவார், குலத்தைப் போலவே அச்சொட்டாக. ஆனால் சொன்னதைக் கையோடு ஒரு கரும்பலகையில் எழுதிவிடுவார். வாய்க்கால் பிரியும் இடத்தில் மருதமரத்தடியில் அந்தப் பலகை நிற்கிறது. யாருக்கு எந்த நாள், எத்தனை மணித்தியாலம், எந்த மடை எவ்வளவு திறப்பது, எல்லாம் அதில் இருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட வாசித்து மடையைத் திறந்துவிடலாம்.

இரண்டு பேரும் இப்படி ஆனதற்கு ஒரே காரணத்தைக் கொடுத்துப் பாருங்கள். இந்தக் கதையில் அது 2009 போர். இடம்பெயர்ந்தபோது குலத்தின் தகப்பனார் முப்பது வருடம் எழுதி வைத்த வாய்க்கால் கொப்பிகள் வீட்டோடு போயின. மீளக் குடியேறி வந்தபோது எஞ்சியது தலைக்குள் இருந்ததுதான். எழுதி வைப்பது போய்விடும், தலையில் இருப்பதுதான் நிலைக்கும் என்று குலம் படித்துக்கொண்டார். தேவி செட்டிக்குளம் முகாமில் தண்ணீர் பவுசருக்கு வரிசையில் நின்றவர். அங்கே முகத்தைப் பார்த்துக் கொடுத்த நாளில் அவருக்குக் கிடைக்கவில்லை. பெயர்ப்பட்டியலை ஒட்டிய நாளில் கிடைத்தது. ஆளை நம்பாதே, பட்டியலை நம்பு என்று அவர் படித்துக்கொண்டார். ஒரே அடி, இரண்டு பாடம். இரண்டுமே நியாயமானவை. இப்படி அமைந்துவிட்டால் “எதிராளி ஏன் இப்படி நடக்கிறாள்?” என்று வாசகர் கேட்கவே மாட்டார்.

அப்படியென்றால் வன்னிக் கதையில் போர் வந்தே ஆக வேண்டுமா?

இல்லை. மேலே அது வந்தது, இரண்டு பேரின் பழக்கத்துக்கும் அது வேர் என்பதால் மட்டும்தான். அதற்கும் ஆளுக்கு இரண்டு வரி போதும். முழு அத்தியாயம் எழுதினால் கதை அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். குளத்துக்குத் திரும்பி வர முடியாது.

ஆளுக்கொரு வாய்க்கால் இருக்கிறதே, அவர்கள் ஏன் மோத வேண்டும்?

நல்ல கேள்வி. பாதி எழுதிய கதைகள் பல நின்றுபோவது இங்கேதான். எதிராளி வலுவாக இருக்கிறார், ஆனால் இருவரும் ஒன்றையே பிடித்து இழுக்கவில்லை. பொருள் ஒன்றாக இருக்க வேண்டும், பங்கு போட முடியாததாகவும் இருக்க வேண்டும்.

சிறுபோகம் இதற்கென்றே அமைந்த காலம். காலபோகத்தில் மாரி மழை கைகொடுக்கும். சிறுபோகத்தில் குளத்தில் இருப்பதுதான் கணக்கு. எத்தனை ஏக்கர் செய்யலாம் என்பதை அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் கூட்டம் வைத்துத் தீர்மானிக்கிற வழக்கம் இங்கே எல்லோருக்கும் தெரிந்தது. நம் கதைக் குளத்தின் கீழ் 400 ஏக்கர் வயல், கரைக்கு 200. குளத்தில் 660 ஏக்கர் அடி தண்ணீர். மாட்டுக்கும் மீனுக்கும் அடியில் 60 விட்டால் மிச்சம் 600. சிறுபோக நெல்லுக்கு வாய்க்காலில் ஊறிப் போவதையும் சேர்த்து ஏக்கருக்கு ஐந்து ஏக்கர் அடி என்று பிடித்தால் 120 ஏக்கர்தான் செய்யலாம். கரைக்கு 60.

இதுவரை பங்கு போட முடிகிறது, அதனால் மோதல் இல்லை. இப்போது குளத்தை வற்றவைக்கும் சோளகக் காற்றை ஒரு வாரம் கூடுதலாக வீச விடுங்கள். நெல் குடலைப் பருவத்தில் நிற்கும்போது குளத்தில் இருப்பது ஒரு கரையை மட்டும் கரைசேர்க்கப் போதுமான தண்ணீர். பாதிப் பாதி விட்டால் இரண்டு கரையிலும் பதர்தான். இந்தக் கடைசி வரியை வாசகர் நம்பும்படி முன்கூட்டியே நாட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் “சமமாகப் பிரித்திருக்கலாமே” என்று ஒருவர் கேட்பார், உச்சக்கட்டம் சரிந்துவிடும்.

இருவரும் முதலில் சந்திக்கிற காட்சியை எப்படி எழுதுவது? சண்டையோடு தொடங்கலாமா?

சண்டையை ஒத்தி வையுங்கள். முதல் காட்சிக்கு ஒரு வேலைதான்: இருவரும் நிகர் என்று யாரும் சொல்லாமலே தெரிய வேண்டும்.

கூட்டத்தில் பொறியியலாளர் கடதாசிகளைப் புரட்டிக்கொண்டே, “இந்த முறை எத்தனை ஏக்கர் செய்யலாம் எண்டு நினைக்கிறியள்?” என்று கேட்கிறார். முன்வரிசையில் இருந்து குலமும் பின்வரிசையில் இருந்து தேவியும் ஒரே நேரத்தில் “நூற்றியிருபது” என்கிறார்கள். பொறியியலாளர் கணக்குப் பொறியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறார். குலம் திரும்பிப் பார்க்கிறார்.

“ஆர் பிள்ளை உமக்குச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை. காலமை குளக்கட்டாலதான் வந்தனான்.”

அவ்வளவு போதும். குலத்தின் கேள்வியைக் கவனியுங்கள். அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றுகிறது. பலவீனம் முதல் வசனத்திலேயே எட்டிப் பார்த்துவிட்டது, ஆனால் அது பலவீனம் என்று இப்போது யாருக்கும் தெரியாது.

எதிராளி ஒரு கட்டத்தில் நாயகனுடைய குறையை முகத்துக்கு நேரே சொல்லலாமா? அந்த வசனம் நன்றாக வந்திருக்கிறது.

நன்றாக வந்திருந்தால் வேறெங்காவது எடுத்து வையுங்கள், இங்கே வேண்டாம். “உங்களுக்கு மற்றவையை நம்பத் தெரியாது அண்ணை” என்று தேவி சொன்னால் அவள் எதிராளியாக இருந்து வாத்தியாராகிவிடுவாள். குலத்துக்கும் பதில் சொல்ல வழி கிடைத்துவிடும்: கோபிக்கலாம், மறுக்கலாம், எழுந்து போகலாம். நடப்பை மறுக்க அவரால் முடியாது. ஆகவே எதிராளியின் வெற்றி ஒரு நடப்பாக வர வேண்டும். அவள் அந்த இடத்தில் இல்லாமலே வென்றால் இன்னும் நல்லது.

நம் கதையில் குலத்துக்குக் காய்ச்சல். நாலு நாள் ஆஸ்பத்திரிக் கட்டில். இடதுகரையில் யாருக்கு எந்த முறை என்பது ஒருவருக்கும் தெரியாது. தலைவாய்க்கால் வயல்காரர் இரண்டு பேர் தங்கள் மடையைத் திறந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மேல் வயல் நிரம்பிக் கழிவு வாய்க்காலில் பாய்கிறது, கடைசி வயல் வெடிக்கிறது. தொலைபேசி ஓயாமல் அடிக்கிறது. கட்டிலில் கிடந்தபடி குலம் கட்டளை போடுகிறார், ஆனால் அவருடைய திறமை முழுவதும் கண்ணில் இருக்கிறது. சருகு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கேட்டால், “போகுது அண்ணை” என்கிறான் அந்தப் பக்கம் நிற்கிற பொடியன்.

அதே நாலு நாளும் தேவி யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாண வீட்டில். பார்க்க வந்த மைத்துனரிடம் குலம் விசாரிக்கிறார்.

“அங்காலைப் பக்கம் எப்பிடி?”

“அது ஓடுது.”

“தேவிக்கு ஆர் போன் அடிச்சது?”

“ஒருத்தரும் அடிக்கேல்லையே.”

இந்தக் காட்சியில் குலத்தின் மனத்தில் என்ன ஓடியது என்று ஒரு வரிகூட எழுதாதீர்கள். மைத்துனர் தோடம்பழத்தை உரித்துக் கொடுக்கட்டும், அவர் வாங்கி வைத்துக்கொண்டே இருக்கட்டும். மிச்சத்தை வாசகர் பார்த்துக்கொள்வார்.

எதிராளிக்கும் பலவீனம் வேண்டுமா? அவள் சரியாக நடந்துகொண்டால் போதாதா?

வேண்டும். இல்லாவிட்டால் கதை கரும்பலகைக்கு விளம்பரமாகிவிடும். கண்ணாடி இரண்டு பக்கமும் காட்ட வேண்டும். குலத்திடம் கேட்ட அதே கேள்வியைத் தேவியிடமும் கேளுங்கள்: பலகை இருப்பதால் அவள் எதைச் செய்யாமல் தப்பித்துக்கொள்கிறாள்?

முடிவெடுத்த பழியை ஏற்பதிலிருந்து தப்பித்துக்கொள்கிறாள். வலதுகரையில் தனியாக வயல் செய்யும் ஒரு பெண், பிள்ளைக்கு வருத்தம் என்று ஓடியதால் தன் முறையைத் தவறவிட்டார். அடுத்த நாள் வந்து கேட்கிறார். தேவி பலகையைக் காட்டுகிறாள். “நான் என்ன அக்கா செய்ய, பலகையில உள்ளதுதானே.” பொய் இல்லை, அநியாயமும் இல்லை. ஆனால் எழுதியவள் அவளேதான். குலமாக இருந்தால் இரவோடிரவாக ஒரு மடையை இரண்டு அங்குலம் திறந்துவிட்டிருப்பார், யாருக்கும் சொல்லியிருக்கவும் மாட்டார். இந்தக் காட்சி வந்த பிறகுதான் வாசகர் இரண்டு பக்கமும் இழுபடத் தொடங்குவார். ஆஸ்பத்திரிக் காட்சிக்குப் பிறகு இதை வையுங்கள், முன்னால் வேண்டாம். முன்னால் வந்தால் தேவியின் வெற்றி நீர்த்துப்போகும்.

எதிராளி நாயகனைவிடச் சுவையாகிவிட்டாள். வாசித்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் கேட்கிறார்கள்.

அவளைக் குறைக்காதீர்கள். பெரும்பாலும் சிக்கல் நாயகனிடம் இருக்கும். எதிராளி முடிவெடுத்துக்கொண்டிருக்கிறாள், நாயகன் பார்த்துக்கொண்டும் நொந்துகொண்டும் இருக்கிறான். கையெழுத்துப் பிரதியை எடுத்து, ஒவ்வொரு காட்சியிலும் எதையாவது மாற்றிய செயலை யார் செய்தார் என்று ஓரத்தில் பெயர் குறியுங்கள். தொடர்ந்து நாலைந்து காட்சியில் எதிராளி பெயரே வந்தால் அங்கே நாயகனுக்கு ஒரு தவறான செயலாவது கொடுங்கள். உதாரணமாக, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த குலம் முதல் வேலையாக இரவில் போய்த் தேவியின் பலகையில் ஒரு நாளை அழித்து மாற்றுகிறார். அசிங்கமான செயல்தான். ஆனால் கதை அவர் கைக்குத் திரும்பிவிட்டது.

கர்ணன், அர்ச்சுனன் இந்த வகைதானே?

பெரும்பாலும் ஆம். அரங்கேற்றத்தில் அர்ச்சுனன் செய்த வித்தைகளை எல்லாம் கர்ணன் வந்து அப்படியே செய்து காட்டுகிறான். நிகர் என்பதை நிறுவும் காட்சி அதுதான். பிறகு வில்லைப் பற்றி யாரும் பேசவில்லை, எந்தக் குலத்தில் பிறந்தவன் என்று கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வி கர்ணனைத்தான் சுடுகிறது. அர்ச்சுனன் தன் குறையைப் பார்க்க வேண்டிய நிலை அங்கே வரவில்லை. கூத்துப் பார்க்கிற சனம் கர்ணன் பக்கம் சாய்வதில் ஆச்சரியமில்லை. நாயகன் மாற வேண்டிய கதையை எழுதுகிறவர் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

கடைசியில் யார் வெல்ல வேண்டும்?

யார் வென்றாலும் சரி, நாயகன் தன் பலவீனத்தைக் கைவிடுவதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். விலை இல்லாமல் திருந்தினால் அது கூட்டத்தில் பேசிய பேச்சு மாதிரி இருக்கும்.

நம் கதையைப் பாருங்கள். ஒரு கரைக்கு மட்டும் போதுமான தண்ணீர். ஆனால் எல்லா வயலும் ஒரே நிலையில் இல்லை. சிலர் முந்தி விதைத்தார்கள், சிலர் மூன்று மாத நெல், சிலர் மூன்றரை மாத நெல். இரண்டு கரையிலும் இன்னும் ஒரு நனைப்பில் தப்பக்கூடிய வயல்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் 60 ஏக்கரைக் காப்பாற்றலாம். எந்த வயல் எந்த நிலையில் என்பது இடதுகரையில் குலத்தின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அதை அவர் எல்லோர் முன்னாலும் மருதமரத்தடியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சாக விடும் வயல்களின் பெயரையும் சொல்ல வேண்டும், அதில் தன் மைத்துனரின் வயலும் ஒன்று. தேவி தன் கையால் முறையை அழித்து, யார் பெயரை ஏன் விட்டாள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த முறை “பலகையில உள்ளது” என்று சொல்ல முடியாது.

இது சமரசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். சமரசத்தில் இருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். இங்கே ஒவ்வொருவரும் தாங்கள் இவ்வளவு காலம் தப்பித்து வந்த அதையே செய்கிறார்கள். அடுத்த போகத்தில் குலத்தின் வாசலுக்கு யாரும் வந்து நேரம் கேட்க மாட்டார்கள். அவர் கொடுத்த விலை அது. மைத்துனர் பேசாமல் விட்டால் அது கூடுதல் விலை.

இரண்டு பேரையும் முடிவில் கலியாணம் கட்டி வைக்கலாமா?

நாயகன் ஆண், எதிராளி பெண் என்றவுடன் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. வேண்டாம். கலியாணம் ஆனால் அவர்களுக்கிடையே இருந்த போட்டி முழுவதும் ஊடல் என்று ஆகிவிடும், கூட்டத்தில் சொன்ன “நூற்றியிருபது” உட்பட. இருவரும் ஆணாக இருந்தால் கேட்டிருப்பீர்களா என்று யோசியுங்கள். குலத்துக்கு வீட்டில் மனைவி இருக்கிறார் என்று இரண்டாம் பக்கத்திலேயே எழுதிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

எழுதி முடித்தேன். எதிராளி சரியாக அமைந்தாரா என்று எப்படிச் சோதிப்பது?

கதையை எதிராளி வாயால் ஒரு பக்கத்தில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். “இடதுகரையில் ஒருவர் எல்லாத்தையும் தனக்குள்ள வைச்சிருந்தார், என்ர பலகையையும் வந்து அழிச்சார்” என்று தேவி சொல்லும்போது அது முழுக் கதையாக நிற்கிறதா, குலம் அதில் அவளுக்கு எதிராளியாக இருக்கிறாரா என்று பாருங்கள். ஓரிடத்தில் “ஏன் அப்படிச் செய்தேன் எண்டு எனக்கே தெரியேல்லை” என்று அவள் சொல்ல வேண்டி வந்தால், அந்தச் செயலை உங்கள் வசதிக்காகத்தான் அவளைச் செய்ய வைத்திருக்கிறீர்கள். திருத்தத்தை அந்தக் காட்சியில் தொடங்குங்கள்.